கிழக்கு மேற்குப் பேனல்களுக்கு இரட்டை டிராக்கர் கட்டாயம் என்று சொல்லி விற்கிறார்கள்: எச்சரிக்கைப் பதிவு

எங்கள் வீட்டுக் கூரை கிழக்கிலும் மேற்கிலும் சரிவானது. ஒவ்வொரு சரிவிலும் ஐந்து வீதம் பத்து சோலார் பேனல்களைப் பொருத்தி, பேனல்களிலிருந்து அதிகபட்ச மின்திறன் கிடைக்கும் மின்னழுத்தத்தைத் தேடிப் பிடிக்கும் எம்பிபிடி டிராக்கர் ஒன்று மட்டுமே உள்ள இன்வெர்ட்டரில் இணைத்துக் கொடுத்த நிறுவனத்திடம் உற்பத்தி குறைவாக இருப்பதாகப் புகார் செய்தோம். "இரண்டு திசைப் பேனல்களை ஒரே டிராக்கரில் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும், இரண்டு டிராக்கர் உள்ள இன்வெர்ட்டருக்கு மாறியே ஆக வேண்டும்" என்று சொல்லி, புதிய இன்வெர்ட்டருக்கு முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள். உண்மையில் குறை இன்வெர்ட்டரில் இல்லை, அவர்கள் செய்த வயரிங்கில்தான் இருந்தது. இதே காரணத்தைச் சொல்லித் தேவையில்லாத இன்வெர்ட்டரை இன்னொருவர் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

அவர்கள் செய்தது இதுதான்: கிழக்கில் உள்ள ஐந்தையும் மேற்கில் உள்ள ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் கோத்து, பத்து பேனல் கொண்ட ஒரே ஸ்ட்ரிங்காக ஆக்கிவிட்டார்கள். தொடர் இணைப்பில் எல்லாப் பேனல்கள் வழியாகவும் ஒரே அளவு மின்னோட்டம்தான் செல்ல முடியும். ஆனால் பேனல் தரும் மின்னோட்டம் அதன்மேல் விழும் ஒளியின் அளவுக்கு ஏற்ப ஏறக்குறைய நேர்விகிதத்தில் கூடிக் குறையும். தெளிந்த காலைப் பொழுதில் கிழக்குப் பேனல்கள் 7 ஆம்பியர் தரக்கூடிய நிலையில் இருக்கும்போது, வானத்தின் சிதறிய ஒளியை மட்டும் பெறும் மேற்குப் பேனல்கள் 2 ஆம்பியர் அளவுக்கே தருகின்றன.

அந்த நேரத்தில் ஒவ்வொரு பேனலும் சுமார் 39 வோல்ட்டில் வேலை செய்வதாகக் கொள்வோம். கிழக்கிலிருந்து ஏறத்தாழ 1,365 வாட், மேற்கிலிருந்து 390 வாட், ஆக மொத்தம் 1,750 வாட்டை ஒட்டிக் கிடைக்க வேண்டும். ஒரே தொடரில் கோத்தால் டிராக்கருக்கு இரண்டு வழிகளே உள்ளன. மேற்குப் பேனல்களைத் தவிர்த்து மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தரும் பைபாஸ் டையோடுகள் வழியாக 7 ஆம்பியரைச் செலுத்தி, மேற்குப் பக்கத்தை முழுவதுமாக இழந்து, டையோடுகளில் வீணாவதும் போக 1,300 வாட் அளவு எடுக்கலாம். அல்லது எல்லாவற்றையும் 2 ஆம்பியரில் ஓட்டி 800 வாட்டை ஒட்டிய உற்பத்தியோடு நின்றுவிடலாம். விடியற்காலையில் உயர் மின்னழுத்தத்திலிருந்து தேடத் தொடங்கும் டிராக்கர், முதலில் கண்ட சிறிய உச்சத்திலேயே தங்கிவிடுவது உண்டு. எங்கள் இன்வெர்ட்டர் அப்படித்தான் தங்கியது: காலையில் திரையில் மின்னழுத்தம் 410 வோல்ட், மின்னோட்டம் வெறும் 2 ஆம்பியர்.

சோதனைக்கு வந்த அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பர் நண்பகலில்தான் வந்தார். நண்பகலில் இரண்டு சரிவுகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வெயில் படுவதால், 370 வோல்ட், 9 ஆம்பியர் என்று எல்லாம் சரியாகவே காட்டியது. "பேனல்களில் குறையில்லை, ஆகவே டிராக்கர்தான் போதவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இந்தக் கோளாறு நண்பகல் சோதனையில் உற்பத்திக் குறைவாக வெளிப்படாது. காலையிலும் மாலையிலும் திரையைப் பார்க்க வேண்டும். மின்னோட்டம் மிகக் குறைந்து மின்னழுத்தம் உயர்ந்தே நின்றாலோ, மின்னழுத்தம் நண்பகல் அளவில் ஏறத்தாழ பாதியாக விழுந்திருந்தாலோ, இரு திசைப் பேனல்களும் ஒரே தொடரில் கலந்திருக்கின்றன என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம்.

வேறொரு எலக்ட்ரீஷியன் இதைப் பார்த்தவுடன் கண்டுகொண்டார். டிசி ஐசொலேட்டரை அணைத்துவிட்டு, கிழக்கு ஐந்தைத் தனி ஸ்ட்ரிங்காகவும் மேற்கு ஐந்தைத் தனி ஸ்ட்ரிங்காகவும் பிரித்து, கூடுதலாக ஒரு ஜோடி கேபிள் இறக்கி, இரண்டையும் பக்க இணைப்பில் அதே டிராக்கரில் கொடுத்தார். பக்க இணைப்பில் மின்னழுத்தம் பொது, மின்னோட்டங்கள் கூடிக்கொள்ளும். காலையில் 7 ஆம்பியரும் 2 ஆம்பியரும் சேர்ந்து 9 ஆம்பியர், சுமார் 193 வோல்ட்டில் ஓடியது.

இரண்டு பக்கங்களுக்கும் ஒரே மின்னழுத்தம் எப்படிப் பொருந்தும் என்ற கேள்விதான் இதில் மையமானது. ஒளி குறையும்போது பேனலின் மின்னோட்டம் குறையும் அளவுக்கு மின்னழுத்தம் குறைவதில்லை. ஒளி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் மின்னழுத்தம் சில சதவீதமே இறங்கும். அதே சமயம் வெயில் படாத பக்கம் குளிர்ச்சியாக இருப்பதால் அதன் மின்னழுத்தம் சற்றே ஏறி, அந்த இறக்கத்தில் பெரும் பகுதியை ஈடு செய்துவிடுகிறது. எஞ்சும் வேறுபாடு, உச்சப் புள்ளியின் அருகே பேனலின் வளைகோடு தட்டையாக இருப்பதால், ஓரிரு சதவீதத்துக்கு மேல் இழப்பைத் தருவதில்லை. பெரும்பாலும் அதைவிடக் குறைவே.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "பக்க இணைப்பில் வெயில் படும் பக்கத்தின் மின்சாரம் மறுபக்கத்துக்குத் திரும்பிப் பாய்ந்து பேனல்களை எரித்துவிடும்" என்று அச்சுறுத்தினார்கள். மங்கிய வெளிச்சத்தில்கூட மேற்கு ஐந்து பேனல்களின் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது மின்னோட்டம் எடுக்காதபோது உள்ள மின்னழுத்தம், 220 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. அவை வேலை செய்வதோ 193 வோல்ட்டில். ஆகவே அவை மின்சாரத்தைத் தந்துகொண்டுதான் இருக்கும், வாங்காது. இரண்டே ஸ்ட்ரிங்குகள் இருக்கையில், ஒன்றில் கோளாறு ஏற்பட்டாலும் மற்றொன்றின் மின்னோட்டம் மட்டுமே அதனுள் பாய முடியும். அது பேனலின் பின்புறம் குறித்திருக்கும் ஃபியூஸ் அளவுக்குள்ளேயே அடங்கும். மூன்றோ அதற்கு மேலோ சேர்த்தால்தான் பொதுவாக ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் ஃபியூஸ் தேவைப்படும். முன்பணம் இன்றுவரை திரும்பவில்லை.

தனி டிராக்கர் உண்மையாகவே தேவைப்படும் இடங்களும் உண்டு. அவற்றை மறைப்பதும் தவறாகும். கிழக்கில் ஆறு, மேற்கில் நான்கு என்று எண்ணிக்கை வேறுபட்டால் ஒன்று 234 வோல்ட்டையும் மற்றொன்று 156 வோல்ட்டையும் கேட்கும்; ஒரே மின்னழுத்தம் இரண்டுக்கும் பொருந்தாது. பேனல் வகை வேறாக இருந்தாலும் இதே நிலைதான். ஒரு பக்கத்தில் மட்டும் மரத்தின் அல்லது மாடிச் சுவரின் நிழல் நாள்தோறும் சில பேனல்களில் விழுந்தால், அந்த ஸ்ட்ரிங்கின் மின்னழுத்தம் நிழலுக்கேற்ப இறங்கும்; அங்கும் தனி டிராக்கர் தன் விலைக்கு ஈடு செய்யும்.

இன்வெர்ட்டரின் வரம்புகளையும் பார்த்தாக வேண்டும். எங்களுடையது உள்ளீட்டில் 24 ஆம்பியர் வரை ஏற்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து நண்பகலில் தருவது 18 ஆம்பியர்தான். வரம்பு 12 அல்லது 13 ஆம்பியராக இருந்திருந்தால் நண்பகல் உற்பத்தி அங்கேயே வெட்டுப்பட்டிருக்கும். குறுக்குச்சுற்று மின்னோட்டத்துக்கான வரம்பு தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு ஸ்ட்ரிங்குகளின் கூட்டுத்தொகை அதை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது. மேலும், ஸ்ட்ரிங்கைப் பாதியாக்கினால் மின்னழுத்தமும் பாதியாகும். எங்கள் டிராக்கர் 120 வோல்ட்டிலிருந்தே வேலை செய்வதால் 193 வோல்ட் போதுமானதாக இருந்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று பேனல்களே உள்ள கூரையில் அது போதாமல் போகலாம். விலைப்பட்டியலில் கையெழுத்திடும் முன், எந்த ஸ்ட்ரிங்கில் எந்தச் சரிவின் எத்தனை பேனல்கள், அவை எந்த டிராக்கரில் சேர்கின்றன என்ற வரைபடத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே ஸ்ட்ரிங்கில் இரண்டு சரிவுகள் காணப்பட்டால் கையெழுத்திடாதீர்கள்.