உள்ளூர் அண்ணாச்சியா, வெளியூர் ஏஜென்சியா? வெப்சைட் வேலையில் எது கட்டுப்படியாகும்

பாளையங்கோட்டையில் வீட்டில் இருந்தபடி வெப்சைட் செய்து கொடுக்கிறவர்களுக்குப் பிழைப்பு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, டவுன் ஜவுளிக்கடை, வண்ணார்பேட்டை மருத்துவமனை, பெருமாள்புரம் பள்ளி என்று நேராகப் போய்ப் பிடிக்கிற வேலை. இன்னொன்று, கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஐந்தாறு பேர் இருக்கிற சின்ன ஏஜென்சிக்கு ஒயிட் லேபிளாகச் செய்வது. வேலை நம்முடையது, பெயர் அவர்களுடையது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு இப்போது பெரும்பாலும் ஏஜென்சி பக்கம்தான் இருக்கிறேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

நேரடி வேலையில் தொகை கூட, ஏஜென்சியில் குறைவு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தொகையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். ஒரு பள்ளிக்கு நேரடியாக 35,000 ரூபாய்க்கு வெப்சைட் பேசியதாக வைத்துக்கொள்வோம். கட்டும் வேலை 40 மணி நேரம். அப்புறம் தாளாளரைப் பார்க்கக் காத்திருப்பது, ஆசிரியர் பட்டியலை நாமே டைப் செய்வது, போட்டோவுக்கு அலைவது, பாக்கிக்கு நடப்பது எல்லாம் சேர்ந்து இன்னொரு 35 மணி நேரம் தாராளமாகப் போகும். மணிக்கு 466 ரூபாய் வருகிறது. அதே அளவு வேலையை ஏஜென்சி 24,000-க்குக் கொடுத்தால், டிசைனும் எழுத்தும் அவர்களே தருவார்கள், கிளையண்டிடம் பேசுவதும் அவர்கள் பாடு. 40 மணி நேரத்தில் முடியும். மணிக்கு 600.

நேரடி வேலையில் பாக்கி நிற்பது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இல்லை. “தம்பி, ஆனித் திருவிழா முடியட்டும், பாத்துக்கிடுவோம்” என்பார் கடை அண்ணாச்சி. திருவிழா முடிந்தால் ஆடித் தள்ளுபடி வந்துவிடும். ஆனால் அட்வான்ஸ் பாதி கையில் இருக்கும், ஆளும் கண்ணெதிரே இருப்பார்.

ஏஜென்சியில்தான் சிக்கல் வேறு மாதிரி. முடிவைத் தீர்மானிக்கிற விஷயம் என்று நான் நினைப்பதும் இதைத்தான்: கிளையண்ட் அவர்களுக்குக் கொடுத்தால்தான் அவர்கள் நமக்குக் கொடுப்பார்கள். சின்ன ஏஜென்சிகளிடம் கைமுதல் குறைவு, ஒரு கிளையண்ட் இழுத்தடித்தால் கீழே இருக்கிற நமக்குத்தான் முதலில் நிற்கும். யார் பணம் தரவில்லை என்பதுகூட நமக்குத் தெரியாது. ஒயிட் லேபிள் என்பதால் அந்தக் கிளையண்டிடம் போய்க் கேட்கவும் முடியாது.

ஒரு மருத்துவமனை வெப்சைட்டை எடுத்துக்கொள்வோம். ஏஜென்சி சொன்ன கணக்கு, 24,000-இல் கால் பங்கு அட்வான்ஸ், மீதி சைட் லைவ் ஆன பிறகு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் லைவ் ஆவது நம் கையில் இல்லையே? டாக்டர்கள் போட்டோ வர வேண்டும், டொமைன் பாஸ்வேர்ட் பழைய ஆளிடம் இருக்கும், நிர்வாகத்தில் யாரோ ஒருவர் ஊரில் இருக்க மாட்டார். நான் வேறு மாதிரி கேட்டேன். எட்டாயிரம் தொடங்கும்போது, எட்டாயிரம் முகப்பும் மாதிரிப் பக்கங்களும் ஸ்டேஜிங் என்கிற சோதனைத் தளத்தில் ஏறியதும், எட்டாயிரம் எல்லாப் பக்கமும் ஏறியதும். ஏற்றி ஏழு நாளில் திருத்தம் எதுவும் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. முந்தைய தவணை வந்த பிறகுதான் அடுத்த கட்டம். அந்த சைட் லைவ் ஆக மாதக்கணக்கில் இழுத்தது. என் பணம் அதற்கு வெகு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. அவர்கள் சொன்னபடி போயிருந்தால் 18,000 மாட்டியிருக்கும்.

ஆக, ஏஜென்சியிடம் ரேட்டைவிட ஒரு வரம்பைத்தான் நான் கறாராகப் பேசுவேன். எந்த நேரத்திலும் வெளியே நிற்கிற பாக்கி இரண்டு வார வேலையைத் தாண்டக் கூடாது. ரேட்டில் மணிக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்டால்கூட இதற்காக விட்டுக்கொடுப்பேன். பராமரிப்பு வேலையானால் மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று முன்பணமாக வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

ஏஜென்சி ஆட்டம் காண்பது சில அடையாளங்களில் தெரியும். பில்லுக்கு முழுத் தொகை வராமல் ஐயாயிரம், மூவாயிரம் என்று துண்டு துண்டாக வரும். பழைய பில் நிற்கும்போதே, “இதையும் முடிச்சுக் கொடுங்க, சேர்த்துப் போட்டுடலாம்” என்று புது வேலை வரும். இன்னொன்றைப் பலர் பார்ப்பதில்லை, டிடிஎஸ். தொழில்முறைக் கட்டணம் என்றால் 10 சதவீதம், ஒப்பந்த வேலை என்று எடுத்தால் தனிநபருக்கு 1 சதவீதம் பிடிப்பார்கள். எதில் பிடிக்கப் போகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பிடித்த பணம் நம் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று காலாண்டு முடிந்து கொஞ்ச நாள் கழித்து வருமான வரித் தளத்தில் பார்க்கலாம். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் அந்த அலுவலகத்தில் ரொக்கம் தட்டுப்பாடு என்று அர்த்தம்.

நம் கையில் இருக்கிற பிடி என்ன? சைட்டை முடக்கிப் போடுவது இல்லை. அந்த மருத்துவமனை ஏஜென்சிக்குப் பணம் கொடுத்திருக்கலாம், நாம்தான் வம்பில் மாட்டுவோம். உண்மையான பிடி பதிப்புரிமை. சம்பள ஆளாக இல்லாமல் வெளியாளாக எழுதிக் கொடுத்தால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்த வெப்சைட் கோடுக்கு முதல் உரிமையாளர் எழுதியவர்தான். மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஏஜென்சியோ கிளையண்டிடம் “எல்லா உரிமையும் உங்களுக்கே” என்று எழுதிக் கொடுத்திருக்கும். அதனால் ஒப்பந்தத்தில் “முழுத் தொகையும் வந்த பிறகே உரிமை மாறும்” என்ற ஒரு வரி போதும். கோடைச் சேமித்து வைக்கிற என் கிட் கணக்கில்தான் அது இருக்கும், தவணை வர வர ஒப்படைப்பேன்.

இதோடு சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் போட்டுவிட வேண்டும், கட்டணம் கிடையாது. வேலை தொடங்கும் முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான அரசுத் தளத்தில் புகார் போடலாம். போட்டால் அந்த ஏஜென்சியோடு உறவு அதோடு முடிந்தது, அதனால் நான் பில்லில் உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் அச்சடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கே கணக்குப் பிரிவில் கொஞ்சம் மரியாதை கிடைக்கிறது.

வெளிநாட்டு ஏஜென்சிகளோடு எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஏஜென்சியில் நிச்சயமாக இழப்பது பெயர். செய்ததைக் காட்டிப் புது வேலை பிடிக்க முடியாது. தனியாகக் கேட்கிறவருக்கு மட்டும் காட்டிக்கொள்ள எழுத்தில் அனுமதி வாங்குவது நடக்கிற காரியம், பல ஏஜென்சிகள் ஒத்துக்கொள்கின்றன. அவர்கள் கிளையண்டை நாம் இழுக்கக் கூடாது என்ற ஷரத்தையும் நான் மறுப்பதில்லை. ஆனால் “திருநெல்வேலியில் எந்த மருத்துவமனைக்கும் செய்யக் கூடாது” என்கிற அளவுக்கு விரித்து எழுதினால் அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

நேரடி வேலையை முழுக்க விட்டுவிடவில்லை. வருடப் பராமரிப்புக்கு ஒழுங்காகப் பணம் தருகிற இரண்டு கடைகளை வைத்திருக்கிறேன். ஏஜென்சி ஒன்று திடீரென்று கையை விரித்தால் அந்த மாதக் கரண்டு பில்லுக்கு அவர்கள்தான்.