பரண் அலமாரியும் பெட்டிக் கட்டிலும்: ஆறு வருஷத்துக்குப் பிறகு

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள். "உன் அறையில செஞ்ச மாதிரியே கூரை வரைக்கும் அலமாரி அடிக்கலாம்னு இருக்கேன். நல்லா உழைக்குதா?" ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அலமாரியைக் கழற்றி மறுபடி மாட்டி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடு 650 சதுர அடி, மூன்று அறை, வரிசையில் கடைசி வீடு. தோட்டத்து லயத்தை விட்டு வந்தபோது அம்மாவின் பித்தளைப் பாத்திரங்களும் பட்டுப் புடவைகளும் தாத்தா காலத்துப் படங்களும் கூடவே வந்தன. கீழே வைக்க இடமில்லை. அதனால் துணி அலமாரியின் தலைக்கு மேல், 6 அடி நீளம், 2 அடி உயரம், 2 அடி ஆழத்தில் பரண் அடித்தோம். முதல் இரண்டு வருஷம் அதைப் போல நிம்மதி இல்லை. அறையில் ஒரு பெட்டிகூட வெளியே தெரியவில்லை.

மூன்றாவது வருஷம் தீபாவளிக்குப் புடவை எடுக்கக் கதவைத் திறந்தேன். புளித்த வாடை. அம்மாவின் கூறைப் புடவையில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. வெயிலில் உலர்த்தி, உள்ளே துடைத்து, ஈரம் உறிஞ்சும் டப்பா வைத்தேன். வாரத்தில் டப்பா நிறையத் தண்ணீர். புது டப்பா வைத்தால் அதுவும் அப்படியே. மூன்று வருஷம் இதே கதை.

அலமாரி செய்தவர் வந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊரு காற்றே ஈரம்தான்" என்று சொல்லிப் போனார். எனக்கு அது ஏற்கவில்லை. பக்கத்து அறை அலமாரியும் இதே காற்றில்தான் இருக்கிறது. அதில் ஒரு புள்ளி இல்லை. வித்தியாசம் சுவரில்தான். அந்த அலமாரி சாய்ந்திருப்பது இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவர். பரண் சாய்ந்திருப்பதோ மழை அடிக்கும் வெளிச்சுவர்.

பரணைக் காலி செய்து பின்பலகையை எடுத்த பிறகு ஒரு சோதனை செய்தோம். ஓர் அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். அறையைப் பார்த்த பக்கத்தில் ஈரம் பூத்தால் அது அறைக் காற்று குளிர்ந்த சுவரில் படிவது. தாளுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் நின்றால் தண்ணீர் சுவர் வழியாக வருகிறது. எங்களுக்குச் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் பூச்சில் முடி போல ஒரு வெடிப்பு, பரணுக்கு நேர் பின்னால்.

வெடிப்பைக் கீறி அடைத்து, நீர் புகாத பெயிண்ட் அடித்து, சுவர் காயும்வரை மூன்று வாரம் பொறுத்தோம். இதில் அவசரப்பட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும். ஊறி உப்பியிருந்த சிப்போர்ட் பின்பலகை திரும்ப ஒட்டாது. ஒருமுறை தண்ணீர் குடித்த சிப்போர்ட் காய்ந்தாலும் பழைய கனத்துக்கு வருவதில்லை. அதற்குப் பதில் பிளைவுட் போட்டோம். சுவரில் ஒரு இன்ச் கனச் சட்டங்களை நெட்டுவாக்கில் அடித்து, அதன் மேல் பரணை மாட்டினோம். மேலே கூரைப் பலகைக்கும் பரணுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி. கீழிருக்கும் அலமாரியையும் அதே அளவு முன்னால் இழுத்துவிட்டோம். சட்டத்தைக் குறுக்காக அடித்திருந்தால் காற்று ஏறி இறங்க வழி இருக்காது, செய்த வேலை அத்தனையும் வீண். இந்தச் சட்டத்துக்கு ஆன செலவு சொற்பம். முதல் நாளே அடித்திருக்கலாம். அதை நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது.

பெட்டிக் கட்டிலைப் பற்றியும் கேட்டாள். மெத்தைப் பலகையைத் தூக்கினால் உள்ளே இரண்டு குடும்பத்துப் போர்வை போகும். அதிலும் குறை இல்லாமல் இல்லை. நான்காவது வருஷம் தூக்கிய பலகை மெல்ல இறங்கத் தொடங்கியது. பக்கவாட்டில் தாங்கும் வாயுத் தண்டின் அழுத்தம் குறைந்துவிட்டால் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பலகை கோணும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தண்டின் மேல் நியூட்டன் கணக்கில் ஓர் எண் அச்சடித்திருக்கும், அதே எண் கேட்டு வாங்க வேண்டும். மெத்தையை மாற்றி எடை கூடினாலும் பலகை நிற்காது. குழந்தைகள் கை வைக்கும் இடம், தள்ளிப் போடாமல் அன்றைக்கே மாற்றினேன். கட்டில் தரையில், சுவரை விட்டுத் தள்ளி நிற்கிறது. உள்ளே இதுவரை வாடை இல்லை.

இப்போது பரணும் நன்றாகத்தான் இருக்கிறது. நவம்பர் மழை வந்த பிறகும் டப்பாவில் தண்ணீர் சேரவில்லை, வாடை இல்லை. செய்தது சரி என்றுதான் தோன்றுகிறது.

ஆனாலும் தோழிக்கு, "கட்டில் வாங்கு, பரண் வேண்டாம்" என்றுதான் எழுதினேன். அவள் வீடும் கடைசி வீடு. அம்மாவின் புடவையில் அந்தப் புள்ளிகள் இன்னும் போகவில்லை.