பத்து நிமிடப் படம்: மூன்று அங்கமா, ஐந்து கட்டமா?

திரைப்படக் கல்லூரி பத்து நிமிடப் படம் கேட்டால், கதைக்குப் பத்து நிமிடமும் கிடைத்துவிடாது. தலைப்பும் இறுதிப் பெயர்ப் பட்டியலும் அந்த நேரத்திற்குள் அடங்க வேண்டுமென்றால் முக்கால் நிமிடம் அவற்றுக்கே போய்விடும். மிச்சம் ஒன்பதே கால் நிமிடம், அதாவது திரைக்கதைத் தாளில் ஏறக்குறைய ஒன்பது பக்கம். இதை எப்படிப் பங்கிடுவது என்பதை ஒரு கதையை வைத்தே பார்ப்போம்.

இறால் உரிக்கும் வேலை பார்த்துப் பார்த்து விரல் ரேகை தேய்ந்துபோன ஒரு பாட்டி ரேஷன் கடைக்குப் போகிறார். கைரேகைக் கருவி அவரை ஏற்கவில்லை. அரிசி வாங்காமல் திரும்ப முடியாது.

மூன்று அங்க முறையில் முதல் கால்பங்கு தொடக்கம், நடுப்பாதி போராட்டம், கடைசிக் கால்பங்கு முடிவு. திரைக்கதை எழுதக் கற்றுத்தந்த அமெரிக்கர் சிட் ஃபீல்ட் 1979-இல் வகுத்துக் காட்டிய இந்த விகிதம் 120 பக்கத் திரைக்கதைக்கானது. அங்கே முதல் அங்கத்துக்கு 30 பக்கம் உண்டு. நமக்கு இரண்டே கால் நிமிடம். நான் படித்த மாணவர் திரைக்கதைகளில் பெரும்பாலானவை சறுக்குவது இங்கேதான். பாட்டி எழுகிறார், வாசல் தெளிக்கிறார், டீ குடிக்கிறார், பை தேடுகிறார். கருவி மறுக்கும் இடம் நான்காவது பக்கத்தில்தான் வருகிறது. வரிசையில் நிற்கும் பாட்டியிலிருந்தே தொடங்கினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நடு அங்கத்தின் சிக்கல் அவ்வளவு எளிதில் தீராது. விரலைத் துடைத்து வைக்கிறார், மறுப்பு. சோப்புப் போட்டுக் கழுவி வைக்கிறார், மறுப்பு. தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறார், மறுப்பு. மூன்றும் ஒரே நிகழ்ச்சிதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: நான்காவது பக்கத்தையும் ஆறாவது பக்கத்தையும் இடம் மாற்றி வைத்துப் படியுங்கள். கதை கெடவில்லை என்றால் நடுவில் கதை நகரவே இல்லை.

ஐந்து கட்ட முறை அந்த நடுப்பகுதிக்குத்தான் முதுகெலும்பு கொடுக்கிறது. இது நமக்குப் புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளாக, அதாவது கதை வளரும் ஐந்து கட்டங்களாக, முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் ஆகியவற்றைச் சொல்லி, விதை முளைப்பதிலிருந்து விளைந்ததை உண்பது வரையிலான பயிரின் வாழ்வாக அவற்றை விளக்குகிறார். எனக்கு மேலைநாட்டு வரைபடங்களைவிட இந்தப் பயிர்க் கணக்கு அதிகம் உதவியிருக்கிறது. நடுவில் ஒரு கரு பிடித்தே ஆக வேண்டும் என்று அது கேட்கிறது.

பாட்டியின் கதையை அதில் வைத்துப் பார்க்கலாம். முகம், ஒரு நிமிடம்: கருவி மறுக்கிறது. பிரதிமுகம், இரண்டே கால் நிமிடம்: எண்ணெயும் சோப்பும் பலிக்கவில்லை, அட்டையில் பெயருள்ள வேறு யாராவது வரலாம் என்கிறார் கடைக்காரர். இருப்பது ஒரே பெயர், பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத மகனுடையது. கருப்பம், இரண்டரை நிமிடம்: பாட்டி மகன் வீட்டு வாசலில் நிற்கிறார். அரிசிக்காக வந்தவருக்கு அங்கே அரிசி இரண்டாம்பட்சமாகிறது. விளைவு, இரண்டு நிமிடம்: இருவரும் கடைக்கு வருகிறார்கள், மகன் விரலை வைக்கிறான், கருவி ஏற்கிறது. துய்த்தல், ஒன்றரை நிமிடம்: வாசலில் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்புகிறவனைப் பாட்டி கூப்பிடுகிறார், “சாப்பிட்டுப் போப்பா.”

ஐந்தும் சம அளவு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று வெட்டினால் எந்தக் காட்சியும் மூச்சு விடாது. இந்த முறையில் நடக்கும் பெரிய தவறு அதுதான். இன்னொரு தவறு, ஒரே திருப்பமுள்ள கதைக்கு ஐந்து பெட்டிகளை நிரப்பப் பார்ப்பது. நான்காவது கட்டத்தை எடுத்துவிட்டுப் படியுங்கள். முடிவு அப்போதும் நின்றால், அது ஐந்து கட்ட வேடம் போட்ட மூன்று அங்கக் கதை.

ஆகவே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பாத்திரத்தின் ஆசை கடைசிவரை அதுவே இருக்கிறதா, நடுவில் மாறுகிறதா? கடை மூடுவதற்குள் அரிசி வாங்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் மூன்று அங்கம் போதும். ஒரே இடம், ஒரே வரிசை, ஓடும் கடிகாரம். இரண்டு நாளில் எடுத்துவிடலாம். அரிசி தேடிப் போனவர் மகனைத் தேடத் தொடங்குகிறார் என்றால் ஐந்து கட்டம்தான் தாங்கும். ஆனால் அதற்குக் கடை, தெரு, இரண்டு வீடுகள் என்று நான்கு இடங்கள் வேண்டும்.

இந்தக் கதைக்கு நான் ஐந்தைத்தான் எடுப்பேன். ஒரே நிபந்தனை, மகனாக நடிக்க நல்ல ஆள் கிடைக்க வேண்டும். கதவைத் திறந்து தாயைப் பார்த்ததும் அவன் பேசாமல் நிற்கும் அரை நிமிடத்தில்தான் கரு பிடிக்கிறது. அதைத் தாங்கும் முகம் கிடைக்காவிட்டால் மகனை விட்டுவிட்டு, பாட்டியை ரேஷன் கடை வரிசையிலேயே வைத்து மூன்று அங்கமாக எடுங்கள்.