ரத்து செய்த பிறகும் மூன்று மாதம் பணம் எடுத்தார்கள்: ரூ. 2,997 போச்சு

இன்று காலைதான் மூன்றாவது முறை 999 ரூபாய் போனது. கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன்.

உடற்பயிற்சி சொல்லித்தரும் ஒரு செயலி. ஏழு நாள் சோதனைக்கு ஒரு ரூபாய் என்றார்கள். யுபிஐ திரையில் பெரிய எழுத்தில் 1 ரூபாய் என்றுதான் இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக, மாதம் ஒரு முறை, 999 வரை என்று ஒரு வரி. ஒரு ரூபாய்தானே என்று நம்பிப் பின் நம்பரைப் போட்டேன். அந்த ஒரு பின்தான் மாதாமாதம் பணம் எடுக்க நான் கொடுத்த அனுமதி. 15,000 ரூபாய்க்குள் என்றால் அடுத்தடுத்த மாதம் பின் கேட்கவே மாட்டார்கள்.

ஐந்தாம் நாளே செயலிக்குள் போய் ரத்து செய்தேன். "உங்கள் சந்தா ரத்தானது" என்று மின்னஞ்சல்கூட வந்தது. செயலியையும் அழித்துவிட்டேன். ஆனால் அங்கே ரத்தானது அவர்கள் கணக்கில் இருந்த சந்தா மட்டும். என் வங்கியில் பதிவான அனுமதி அப்படியே உயிரோடு இருந்தது. அதை வைத்து அவர்கள் கேட்கக் கேட்க வங்கி கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அவர்களிடம் கேட்டால் "ஐந்து முதல் ஏழு வேலை நாள் பொறுங்கள்". மறுபடி கேட்டால் அதே பதில், வேறு பெயரில் வேறு ஆள். வங்கியில் கேட்டால் "நீங்கள்தானே பின் போட்டீர்கள் சார்". ரத்து மின்னஞ்சலைக் காட்டினேன், படித்துக்கூடப் பார்க்கவில்லை. 2,997 ரூபாய்!

கடைசியில் நானேதான் தேடிக் கண்டுபிடித்தேன். எந்த யுபிஐ செயலியில் பின் போட்டேனோ அதிலேயே AutoPay என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பெயருக்கு எதிரே Active என்று இருந்தது. உள்ளே போய் Revoke அழுத்தி, பின் போட்டதும் நின்றது. அரை நிமிட வேலை. இதை அந்த இரண்டு பேரில் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கும் வந்திருக்கிறது, விளம்பரம் என்று தள்ளிவிட்டேன். ரத்து செய்த பிறகும் அந்த மெசேஜ் வந்தால் அனுமதி இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அன்றே நிறுத்துங்கள்.

சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். கார்டில் கொடுத்த அனுமதி யுபிஐ செயலியில் தெரியாது, கார்டு கொடுத்த வங்கியின் தளத்தில் பாருங்கள். ரத்து மின்னஞ்சலை அழிக்காதீர்கள். Revoke செய்தால் இனிமேல் போவதுதான் நிற்கும், போனது தானாக வராது. அதற்கு வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் தீராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நான் இன்று புகார் கொடுத்துவிட்டேன். அந்த 2,997 ரூபாயை விடப்போவதில்லை.