275 என்றால் என்ன தேதி? நாள் எண்ணைப் படிக்கும் வழிகள்: எது எங்கே உதவும்

அமெரிக்க வேளாண் துறையின் தர முத்திரை உள்ள முட்டைப் பெட்டியை எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பி என்ற எழுத்தில் தொடங்கும் ஆலை எண் ஒன்று இருக்கும். அருகிலேயே 275 என்பது போல மூன்று இலக்கங்கள் இருக்கும். அது முட்டையைப் பெட்டியில் அடைத்த நாள். ஜனவரி 1 என்றால் 001, டிசம்பர் 31 என்றால் 365. லீப் ஆண்டில் 366. இந்தியப் பாக்கெட்டுகளில் மாதத்தையும் ஆண்டையும் நேராகப் படித்துப் பழகியவர்களுக்கு இது முதலில் விலை எண்ணா, வரிசை எண்ணா என்றுகூடப் புரியாது.

இதைத் தேதியாக மாற்றப் பலரும் செய்வது மாதக் கணக்கு. ஒவ்வொரு மாதமும் முடியும்போது ஆண்டில் எத்தனை நாள் போயிருக்கிறது என்ற பட்டியல் இருந்தால் போதும். ஜனவரி முடிவில் 31, அப்புறம் வரிசையாக 59, 90, 120, 151, 181, 212, 243, 273, 304, 334, கடைசியில் 365. நம் எண்ணைவிடச் சிறியதாக இருப்பவற்றில் பெரியதை எடுத்துக் கழிக்க வேண்டும். 275-க்கு அது 273, அதாவது செப்டம்பர் முடிவு. மீதி 2. ஆகவே அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. லீப் ஆண்டில் பிப்ரவரி முடிவிலிருந்து எல்லா எண்களிலும் ஒன்று கூடும். அதனால் அதே 275 அந்த ஆண்டில் அக்டோபர் 1 ஆகிவிடும். இந்த வழி தவறு விடாது. ஆனால் பட்டியல் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பட்டியல் இல்லாதபோது 30-ஆல் வகுக்கும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். 275-ஐ 30-ஆல் வகுத்தால் ஈவு 9, மீதி 5. ஒன்பது மாதம் போயிற்று, பத்தாவது மாதம் அக்டோபர், தேதி 5 என்று வரும். உண்மையான தேதி 2. ஆண்டின் முதல் பாதியில் இந்தக் கணக்கு ஒரு நாளுக்கு மேல் பிசகாது. ஆகஸ்டில் 2 நாள், செப்டம்பர், அக்டோபரில் 3 நாள், நவம்பர், டிசம்பரில் 4 நாள் முந்திக்கொண்டு போகும். அதைக் கழித்தால் சரியாகிவிடும் என்றாலும், மாத எல்லையில் சறுக்கும். 212-ஐ வகுத்தால் ஆகஸ்ட் 2 வருகிறது, இரண்டைக் கழித்தால் ஆகஸ்ட் 0. அதாவது ஜூலை 31. கடையில் நின்றுகொண்டு எந்த மாதச் சரக்கு என்று தெரிந்துகொள்ள இது போதும். தேதி வேண்டுமென்றால் நான் இதை நம்ப மாட்டேன்.

ஆனால் முட்டைக்கு இந்த இரண்டுமே தேவையில்லை என்பது என் கட்சி. நமக்குத் தெரிய வேண்டியது அடைத்த தேதி இல்லை, அடைத்து எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான். ஆகவே பெட்டியின் எண்ணைத் தேதியாக்குவதற்குப் பதிலாக இன்றைய தேதியை எண்ணாக்கிவிடுங்கள். லீப் அல்லாத ஆண்டில் இன்று அக்டோபர் 20 என்றால் 273 + 20 = 293. அதில் 275 போனால் 18 நாள். பெட்டியோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அடைத்த நாளிலிருந்து நான்கு, ஐந்து வாரம் வரை வைத்திருக்கலாம் என்று அந்த வேளாண் துறையே சொல்கிறது. ஆக, கவலை இல்லை. ஜனவரியில் மட்டும் ஒரு படி கூடுதல். பெட்டியில் 350 இருக்கிறது, இன்று ஜனவரி 10 என்றால், 10-உடன் 365-ஐக் கூட்டி 350-ஐக் கழிக்க வேண்டும். 25 நாள். முடிந்த ஆண்டு லீப் ஆண்டாக இருந்தால் 366-ஐக் கூட்ட வேண்டும்.

நிறையக் குறியீடுகளை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியவர்களுக்கு, சரக்கறைக் கணக்கு வைப்பவர்களுக்கு, விரிதாள்தான் சரி. எக்ஸெல் போன்றவற்றில் தனி வசதி எதையும் தேட வேண்டாம். ஜனவரி மாதத்தின் 275-ஆம் நாளைக் கேட்டால் அதுவே கணக்குப் போட்டு 2025 அக்டோபர் 2 என்று தந்துவிடும். லீப் ஆண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும்:

```
=DATE(2025,1,275)
```

ஆண்டின் கடைசி இலக்கமும் சேர்ந்த 5275 போன்ற நான்கு இலக்கக் குறியீடு A1 கட்டத்தில் இருந்தால்:

```
=DATE(2020+LEFT(A1,1),1,RIGHT(A1,3))
```

இதில் இரண்டு பொறி உண்டு. 2020-இன் 45-ஆம் நாளான 0045-ஐ அப்படியே தட்டினால் விரிதாள் முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கி 45 ஆக்கிவிடும். சூத்திரம் அதிலுள்ள 4-ஐ ஆண்டாக எடுத்து, 2024 பிப்ரவரி 14 என்று நான்கு வருடம் தள்ளிச் சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது. கட்டத்தை முதலிலேயே உரை வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தட்ட வேண்டும். இன்னொன்று, 366 என்று தவறாக அடித்தாலும் அது மறுக்காமல் அடுத்த ஆண்டு ஜனவரி 1 என்று சொல்லிவிடும்.

எந்த வழியில் மாற்றினாலும் தீராத சிக்கல் ஆண்டுதான். அமெரிக்க ராணுவத்தின் எம்.ஆர்.இ உணவுப் பெட்டிகளில் 5275 மாதிரிதான் போடுவார்கள். முதல் இலக்கம் ஆண்டு. அது 2015-ஆ, 2025-ஆ என்று அந்த எண் சொல்லாது. பழைய சரக்கை விற்கும் இடத்தில் இது பத்து வருட வித்தியாசம். சில தகர டின்களில் ஆண்டு இலக்கம் கடைசியில் வரும். 2755 என்று இருந்தால் பிரச்சினை இல்லை, 755-ஆம் நாள் என்று ஒன்று கிடையாது, ஆகவே 275-தான் நாள். 1234 வந்தால்தான் தலைவலி. 2021-இன் 234-ஆம் நாள் என்றால் ஆகஸ்ட் 22. 2024-இன் 123-ஆம் நாள் என்றால், அது லீப் ஆண்டு என்பதால், மே 2. இரண்டுமே நடக்கக்கூடியவை. டின்னில் பயன்படுத்தத் தகுந்த கடைசித் தேதியும் இருந்தால் அதை வைத்துத் தீர்த்துவிடலாம். 22 ஆகஸ்ட் 2023 என்று இருந்தால், சரியாக இரண்டு வருடம் முந்தைய ஆகஸ்ட் 22 பொருந்துகிறது. மே 2 பொருந்தவே பொருந்தாது, கடைசித் தேதிக்குப் பிறகு ஒரு டின்னைத் தயாரிக்க முடியாதே.

இதே நான்கு இலக்க உருவத்தில் டயரிலும் ஒரு எண் இருக்கிறது, அது நாள் எண்ணே இல்லை. டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2325 என்றால் 2025-இன் 23-ஆம் வாரம். நாள் எண்ணாகப் படித்தால் 2022 நவம்பர் 21 என்று வந்து, டயரை இரண்டரை வருடம் கிழடாக்கிவிடும். அமெரிக்க விதிப்படி வாரம் ஞாயிறில் தொடங்கும், ஆண்டின் முதல் முழு வாரம்தான் 01. அந்தக் கணக்கில் இது ஜூன் 8 முதல் 14 வரை. நாட்காட்டிச் செயலிகள் பல பின்பற்றும் ஐஎஸ்ஓ வாரக் கணக்கில் ஜூன் 2 முதல் 8 வரை. டயரின் வயதை வருடக் கணக்கில்தான் பார்க்கிறோம் என்பதால், இந்த ஒரு வார வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.