ஓனருக்கு மாச ரிப்போர்ட்: தானா போற பிடிஎஃப்பா, கையால எழுதுற ஒரு பக்கமா?

மும்பை தாராவில லெதர் பேக் கடை வச்சிருக்கிற அண்ணாச்சிக்கு மாசாமாசம் வெப்சைட் ரிப்போர்ட் குடுக்கணும்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கூகுளோட ரிப்போர்ட் டூல் Looker Studio-ல ஒரு தடவை செட் பண்ணிட்டா 1ஆம் தேதி தானா மெயில்ல பிடிஎஃப் போயிடும். விசிட்ஸ் கணக்குக்கு அது போதும். ஆனா என்கொயரில தான் சிக்கல், அதுல தெரியறது வாட்ஸ்அப் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாங்கன்னு மட்டும் தான், அமுக்கிட்டு மெசேஜ் அனுப்பாம போனவங்களும் அதுல சேர்ந்திருப்பாங்க, சாட்ல பேசி ஜிபேல பணம் வாங்கின ஆர்டர் விற்பனையில வரவே வராது.

ரெண்டாவது, கையால எழுதுறது. விசிட்ஸ மட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் GA4-ல எடுத்துக்கிட்டு, என்கொயரிய கடை போன்லயும் விற்பனைய பில் புக்லயும் எண்ணணும். இப்படி வரும்னு வைங்க:

"விசிட் 900, போன மாசம் 880. பட்டன் அமுக்கினது 40, மெசேஜ் வந்தது 22, ஆர்டர் 6, ₹14,400. மறுநாள் பதில் போன 9 பேர்ல ஒருத்தரும் வாங்கல. அடுத்து: மதியம் போனை தம்பி பாக்கணும், லேப்டாப் பேக் பேஜ்ல 10ஆம் தேதிக்குள்ள விலை போடணும்."

அந்த லேட் பதில் விஷயம் பிடிஎஃப்ல கிடைக்காது, சாட்ல டைம் பாத்தா தான் தெரியும். கொஞ்சம் நேரம் எடுக்கும் தான், ஆனா வாட்ஸ்அப்லயே வியாபாரம் நடக்கிற சின்ன கடைக்கு நான் இதையே சொல்வேன். சைட்லயே பேமென்ட் வாங்குற பெரிய கடைன்னா பிடிஎஃப்பே போதும், மேல அடுத்து செய்ய வேண்டியத மட்டும் நாலு வரி எழுதிடுங்க.