கோடாக வராத வெங்காய விலை: ஆறு ஆண்டு எக்செல் அனுபவம்

எங்கள் கமக்காரர் அமைப்புக்காக ஆறு ஆண்டுகளாகச் சுன்னாகம் சந்தை விலைகளை எக்செலில் பதிந்து வருகிறேன். முதல் நிரலில் தை, மாசி என்று மாதங்கள் இருக்கும். அடுத்தடுத்த நிரல்களில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கத்தரிக்காய் ஆகியவற்றின் கிலோ விலை இருக்கும். நடுகை பற்றிப் பேசும் கூட்டத்தில் இந்த வரைபடத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஒருமுறை வெங்காயக் கோடு வரவேயில்லை. மிளகாயும் கத்தரிக்காயும் மட்டும் ஏறி இறங்கின. உற்றுப் பார்த்தபோது, அடியில் மாதப் பெயர்களோடு வெங்காய விலைகளும் அச்சின் பெயர்ச்சீட்டாக அடுக்கப்பட்டிருந்தன. பார்வைக்கு எண்ணாகத் தெரிந்த அந்த விலைகள் எக்செலுக்குள் எழுத்தாகப் பதிவாகியிருந்தன. தொடக்கத்தில் அடுத்தடுத்து உள்ள நிரல்கள் எழுத்தாக இருந்தால், எக்செல் அவை எல்லாவற்றையும் பெயர்களாகவே எடுத்துக்கொள்கிறது. வெங்காய நிரலில் ஓரிரு கலங்கள் மட்டும் எழுத்தாக இருந்திருந்தால் கோடு வந்திருக்கும். ஆனால் அந்த மாதங்களில் பூச்சியத்துக்கு விழுந்திருக்கும். விலை சரிந்துவிட்டது என்று ஒரு கமக்காரர் நம்பிவிடக்கூடும் என்பதால், அதுதான் எனக்கு அதிகம் பயமான வடிவம்.

அன்று என்னோடு இருந்த தம்பி, "அண்ணா, கலத்தின் வடிவமைப்பை எண்ணாக மாற்றுங்கள்" என்றான். மாற்றினேன், பலனில்லை. உள்ளே ஏற்கெனவே எழுத்தாகக் கிடப்பதை வடிவமைப்பு தொடுவதில்லை. எழுத்தான எண் கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் என்பார்கள். எங்கள் நிரலோ நடுவில் சீர் செய்யப்பட்டிருந்ததால் அந்தத் தடயமும் மறைந்திருந்தது. வழக்கமாக மூலையில் தெரியும் சிறிய பச்சை முக்கோணமும் இல்லை.

உண்மையைக் காட்டியவை இரண்டு சூத்திரங்கள்:

```
=COUNT(B2:B13)
=LEN(B2)
```

பன்னிரண்டு விலைகள் இருந்தும் முதலாவது 0 என்றது. அது எண்களை மட்டுமே எண்ணும். இரண்டாவது, 320 என்று மட்டுமே தெரிந்த கலத்துக்கு 4 என்றது. அந்த நான்காவது எழுத்து, இணையப் பக்கத்திலிருந்து விலைகளை நகலெடுத்தபோது கூடவே வந்த உடையா இடைவெளி. எக்செலில் அதன் குறியெண் 160. இடைவெளிகளை நீக்கும் TRIM சூத்திரம் அதை நீக்காது. அது சாதாரண இடைவெளியை மட்டுமே அறியும். இப்படி எழுதித்தான் எண்ணாக்கினேன்:

```
=VALUE(SUBSTITUTE(B2,UNICHAR(160),""))
```

இதைப் பக்கத்து நிரலில் கீழ்வரை இழுத்து, விடைகளை நகலெடுத்து, Paste Special வழியாக Values என்று பழைய நிரலின் மேலேயே ஒட்டினேன். அப்போதும் வரைபடம் மாறவில்லை. பெயர்ச்சீட்டு என்று முதலில் எடுத்த முடிவை எக்செல் தானாகத் திருத்துவதில்லை. வரைபடத்தை அழித்து மீண்டும் செருகியதும் மூன்று கோடுகளும் வந்தன.

இப்போது எந்த நிரலை ஒட்டினாலும் உடனே அதைத் தெரிவுசெய்து, அடியிலுள்ள நிலைப்பட்டையைப் பார்க்கிறேன். Sum, Average இரண்டும் காணாமல் Count மட்டும் நின்றால், வரைபடத்துக்குப் போவதில்லை. சில கலங்கள் மட்டும் எழுத்தாக இருந்தால் Sum வந்துவிடும் என்பதால், கூட்டத்துக்கு முன்னர் COUNT சூத்திரத்தின் விடையையும் மாதங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுவிடுகிறேன்.